கணக்குப் பார்சர் தப்பு விடை தருகிறதா? ஆபரேட்டர் முன்னுரிமை அட்டவணையில் பிழை தேடும் வழி

கம்பைலர் லேபில் ஆபரேட்டர் முன்னுரிமை பார்சர் எழுதச் சொன்னால், ஒரே ஐந்தாறு பிழைகள்தான் முகம் மாற்றிக்கொண்டு வரும். "நிரல் ஓடுது சார், ஆனா விடை தப்பு" என்பார் ஒருவர். "ஓடிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்பார் இன்னொருவர். கோடைத் திறந்து முதல் வரியிலிருந்து படிப்பதில் பலனில்லை. அறிகுறியைப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் கை வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்னால்: சரியான ஓட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான அட்டவணை வேண்டும். இதில் `i` என்பது எந்த எண்ணும். `$` என்பது ஸ்டாக்கின் அடியும் உள்ளீட்டின் முடிவும். இடப்பக்க நிரை, ஸ்டாக்கில் மேலே இருக்கும் குறி. மேலே உள்ள நிரல், அடுத்து வரும் டோக்கன்.

```
      -   *   ^   i   (   )   $
 -    >   <   <   <   <   >   >
 *    >   >   <   <   <   >   >
 ^    >   >   <   <   <   >   >
 i    >   >   >           >   >
 (    <   <   <   <   <   =
 )    >   >   >           >   >
 $    <   <   <   <   <
```

`<` அல்லது `=` வந்தால் டோக்கனை ஸ்டாக்கில் தள்ளு, அதாவது ஷிஃப்ட். `>` வந்தால் ஸ்டாக்கின் மேல்பகுதியை ஒரு `E` ஆகச் சுருக்கு, அதாவது ரெட்யூஸ். உச்சியில் `E` இருந்தால் அதைத் தாண்டி, அதற்குக் கீழே உள்ள குறியின் நிரையைப் பார். கட்டம் காலியாக இருந்தால் பிழை. ஸ்டாக்கில் `$ E` மட்டும் இருந்து, வருவதும் `$` என்றால் வேலை முடிந்தது.

கூட்டல் எங்கே என்று கேட்கலாம். சோதனைக்குக் கூட்டலை நான் வேண்டுமென்றே எடுப்பதில்லை. `8+3+2` என்பதை இடமிருந்து கூட்டினாலும் வலமிருந்து கூட்டினாலும் 13தான். பிழை இருந்தாலும் ஒளிந்துகொள்ளும். கழித்தல் அப்படி ஒளிய விடாது. அதனால் சோதனை உள்ளீடு `8-3-2*2`. அட்டவணையை வைத்துக் கையால் ஓட்டினால் இப்படி வரும்: வரி எண், ஸ்டாக், அடுத்த டோக்கன், உறவுக்குறி, செயல்.

```
 1  $              8   <   shift
 2  $ 8            -   >   reduce  E=8
 3  $ E            -   <   shift
 4  $ E -          3   <   shift
 5  $ E - 3        -   >   reduce  E=3
 6  $ E - E        -   >   reduce  8-3=5
 7  $ E            -   <   shift
 8  $ E -          2   <   shift
 9  $ E - 2        *   >   reduce  E=2
10  $ E - E        *   <   shift
11  $ E - E *      2   <   shift
12  $ E - E * 2    $   >   reduce  E=2
13  $ E - E * E    $   >   reduce  2*2=4
14  $ E - E        $   >   reduce  5-4=1
15  $ E            $       accept
```

உங்கள் பார்சரையும் இதே வடிவில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி அச்சிட வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதன்முதலில் எந்த வரி மாறுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வரும் வரிகளைப் பார்க்கவே வேண்டாம். அவை எல்லாம் முதல் தவறின் பிள்ளைகள்.

## அறிகுறி 1: பிழைச் செய்தி எதுவும் இல்லை, விடை மட்டும் தப்பு

மேலே உள்ள ஓட்டத்தில் உயிர்நாடியான வரிகள் இரண்டு: 6, 10. ஆறாவதில் `-`க்குப் பின் `-` வருகிறது, சுருக்க வேண்டும். பத்தாவதில் `-`க்குப் பின் `*` வருகிறது, காத்திருக்க வேண்டும். இந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்ததன் வசதி என்னவென்றால், எந்தக் கட்டம் கெட்டிருக்கிறது என்பதை விடையே சொல்லிவிடும்.

### விடை 9 வந்தால்

`-` நிரையில் `-` கட்டம் `<` ஆக இருக்கிறது. பார்சர் ஆறாவது வரியில் சுருக்காமல் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 8-(3-4) என்று கணக்கிடுகிறது. அந்த ஒரு கட்டத்தை `>` ஆக்கினால் போதும்.

அட்டவணைக்குப் பதில் ஆபரேட்டருக்கு ஓர் எண் கொடுத்து ஒப்பிடுபவர்களுக்கு இதே நோய் `>=` எழுத வேண்டிய இடத்தில் `>` எழுதுவதால் வரும். சரி, எல்லா இடத்திலும் `>=` போட்டுவிடலாமா என்றால் கூடாது, `^` கெட்டுப்போகும். `2^3^2` கொடுத்துப் பாருங்கள். 512 வர வேண்டும். 64 வந்தால் `^` இடமிருந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் நிபந்தனை இது:

```python
while ops and ops[-1] != '(' and (
        prec[ops[-1]] > prec[t] or
        (prec[ops[-1]] == prec[t] and assoc[t] == 'L')):
    reduce()
```

### விடை 6 வந்தால்

`-` நிரையில் `*` கட்டம் `>` ஆக இருக்கிறது. பத்தாவது வரியில் அவசரப்பட்டு 5-2 செய்துவிட்டு, வந்த 3ஐ இரண்டால் பெருக்குகிறது. எண் முறையில் எழுதியவர்கள் `-`, `*` இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

### விடை 14 வந்தால்

இரண்டு கட்டமும் தப்பு. 3-2 ஒன்று, 8-1 ஏழு, ஏழிரண்டு பதினாலு. இப்படி இரண்டும் சேர்ந்து தலைகீழானால் தட்டச்சுப் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. `<`, `>` குறிகளின் பொருளையே மாற்றிப் புரிந்துகொண்டு அந்த நிரையை நிரப்பியிருக்கலாம். கட்டம் கட்டமாகத் திருத்தாமல் நிரை முழுவதையும் மறுபடி எழுதுங்கள்.

### விடை 1 சரி, ஆனால் வேறு கோவைகளில் தப்பு

`8-3+2` கொடுங்கள். 7 வர வேண்டும். 3 வந்தால் `+`க்கு `-`ஐ விட உயர்ந்த முன்னுரிமை கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் 1, 2, 3, 4 என்று தனித்தனி எண் கொடுப்பவர்கள் பலரும் இங்கே வந்து விழுவார்கள். பள்ளியில் படித்த கூட்டல், கழித்தல் வரிசை மனதில் இருப்பதால் அப்படி எழுதத் தோன்றுகிறது போல. `+`, `-` இரண்டும் ஒரே தட்டு. `*`, `/` இரண்டும் ஒரே தட்டு. `8/4*2` கொடுத்து 4 வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 1 வந்தால் அதே நோய்தான்.

## அறிகுறி 2: முதல் டோக்கனிலேயே விழுந்துவிடுகிறது

ஓட்டத்தின் முதல் வரியே வருவதற்குள் "ஸ்டாக் காலி" என்று நின்றால், அட்டவணையைக் குறை சொல்லாதீர்கள். அதைப் படிக்கும் வரியைப் பாருங்கள். `table[top][tok]` என்று எழுத வேண்டியதை `table[tok][top]` என்று எழுதியிருப்பீர்கள்.

எப்படி உறுதி செய்வது? முதல் வரியில் ஸ்டாக்கில் `$`, வருவது எண். சரியான கட்டம் `$` நிரையில் `i` நிரல்: அங்கே `<`. மாற்றிப் படித்தால் `i` நிரையில் `$` நிரல்: அங்கே `>`. ஒன்றுமே இல்லாத ஸ்டாக்கைச் சுருக்கச் சொல்கிறது. எந்த உள்ளீடு கொடுத்தாலும் முதல் எண்ணிலேயே விழுந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

## அறிகுறி 3: நிற்காமல் ஓடுகிறது

### ஸ்டாக் வளர்ந்துகொண்டே போனால்

ஓட்டத்தின் கடைசியில் `$ E $ $ $` என்று வரிசையாக டாலர் குவிகிறதா? `$` நிரையில் `$` கட்டத்தைக் காலியாக விடாமல் `=` போட்டிருக்கிறீர்கள். கூடவே, முடிவைச் சோதிக்கும் நிபந்தனை இல்லை, அல்லது அட்டவணையைப் பார்த்த பிறகுதான் சோதிக்கிறீர்கள். உள்ளீடு தீர்ந்த பிறகு, டோக்கன்களைப் பிரித்துத் தரும் லெக்சரைக் கேட்டால் அது `$`ஐத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். `accept` சோதனை சுற்றின் முதல் வேலையாக இருக்கட்டும்.

### ஸ்டாக் மாறாமல் அதே வரி திரும்பத் திரும்ப வந்தால்

இது கொஞ்சம் நுட்பமானது. ஸ்டாக்கின் உச்சியில் `E` இருக்கும்போது அட்டவணையில் எந்த நிரையைப் பார்க்கிறீர்கள்? `E`க்கு நிரையே கிடையாது. உச்சியிலிருந்து கீழே வந்து, முதலில் தென்படும் ஆபரேட்டரையோ அடைப்பையோ `$`ஐயோதான் எடுக்க வேண்டும். மேலே உள்ள ஓட்டத்தின் மூன்றாவது வரியில் உச்சி `E`, ஆனால் அட்டவணைக்குப் போவது `$`.

பைத்தானில் எழுதியிருந்தால் `KeyError` வந்து காப்பாற்றிவிடும். சி-யில் எழுதி, "தெரியாத குறி என்றால் 0 திருப்பு" என்று வைத்திருந்தால் சிக்கல். நம் அட்டவணையில் பூச்சியமாவது நிரை `-`. ஆக `E`ஐ `-` என்று நினைத்து, வரும் `-`உடன் ஒப்பிட்டு `>` என்று பெற்று, `E`ஐச் சுருக்கி மறுபடி `E` ஆக்கி, மறுபடி ஒப்பிட்டு... விடிய விடிய ஓடும். திருத்தம் நான்கே வரிதான்:

```python
def top_terminal():
    for x in reversed(stack):
        if x != 'E':
            return x
```

### காலிக் கட்டம் `else`-இல் விழுந்தால்

`if '<' ... else reduce` என்று எழுதினால் காலிக் கட்டமும் ரெட்யூஸ் ஆகிவிடும். காலிக்கு ஒரு குறி வையுங்கள். `<`, `=`, `>`, காலி என்று நான்கு கிளையும் வெளிப்படையாக இருக்கட்டும்.

## அறிகுறி 4: அடைப்புக்குறி வந்தால் மட்டும் கெடுகிறது

`8-3` சரி, `(8-3)*2` தப்பு என்றால் அட்டவணையைத் தொட வேண்டாம். எவ்வளவு சுருக்குவது என்று முடிவு செய்யும் பகுதியில்தான் கோளாறு.

`)` வந்ததும் ஸ்டாக் `$ ( E )` என்று நிற்கும். அடுத்து `*`. `)` நிரையில் `*` கட்டம் `>`, ஆகவே சுருக்க வேண்டும். `)`ஐ எடுக்கிறோம். அதற்குக் கீழே இருக்கும் குறி `(`. `(`க்கும் `)`க்கும் உறவு `=`, அதாவது இரண்டும் ஒரே துண்டைச் சேர்ந்தவை, இன்னும் எடு. `E`, `(` இரண்டையும் எடுக்கிறோம். இப்போது கீழே `$`. `$`க்கும் `(`க்கும் `<`. இங்கேதான் நிற்க வேண்டும். பலர் ஒரு குறியை எடுத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். `(` ஸ்டாக்கிலேயே தங்கிவிடுகிறது. சரியான வடிவம்:

```python
def handle():
    out = []
    while True:
        x = stack.pop()
        out.append(x)
        if x != 'E' and table[top_terminal()][x] == '<':
            break
    if stack[-1] == 'E':
        out.append(stack.pop())
    return out[::-1]
```

கடைசி `if` எதற்கு என்றால், `E - E`-யில் `-`க்கு இடப்பக்கம் இருக்கும் `E`ஐயும் சேர்த்து எடுக்க. அதை விட்டால் `8-3`கூட வேலை செய்யாது.

மூடாத அடைப்பு, கூடுதல் அடைப்பு இரண்டுக்கும் நல்ல செய்தி தருவது இங்கே சுலபம். `(` நிரையில் `$` கட்டம் காலி: அங்கே விழுந்தால் மூடவில்லை. `$` நிரையில் `)` கட்டம் காலி: அங்கே விழுந்தால் திறக்காமலே மூடியாகிவிட்டது.

## அறிகுறி 5: தப்பான உள்ளீட்டை ஏற்றுக்கொள்கிறது

இதைப் பலர் பிழை என்றே நினைப்பதில்லை, ஏனென்றால் சரியான உள்ளீடுகளுக்கெல்லாம் சரியான விடை வருகிறது. `8-*3`, `8 3 -`, `8-` மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

### `8-*3` உள்ளே போனால்

அட்டவணை இதைத் தடுக்காது. `-`க்குப் பின் `*` வந்தால் `<`. அது `8-3*2` போன்ற நல்ல கோவைக்காக வைத்த குறி. நடுவில் `E` இருக்கிறதா இல்லையா என்பது அட்டவணைக்குத் தெரியாது. அது ஆபரேட்டர்களை மட்டுமே பார்க்கிறது. அதனால் பொறுப்பு ரெட்யூஸ் செய்யும் இடத்துக்கு வருகிறது. மேலே எழுதிய `handle()` இந்த உள்ளீட்டுக்கு `* E` என்று மட்டும் திருப்பும். அனுமதிக்கப்பட்ட வடிவங்கள் `i`, `E - E`, `E * E`, `E ^ E`, `( E )`. பட்டியலில் இல்லாத எதுவும் பிழை. இந்தச் சோதனை இல்லாத பார்சரை நான் முடிந்ததாகக் கணக்கில் வைப்பதில்லை.

### `8 3 -` உள்ளே போய் 5 வந்தால்

ஆபரேட்டருக்கு ஒரு ஸ்டாக், எண்ணுக்கு ஒரு ஸ்டாக் என்று வைத்து, டைக்ஸ்ட்ராவின் ஷண்டிங் யார்டு முறையில் எழுதியிருப்பீர்கள். எண் வந்தால் கேள்வி கேட்காமல் எண் ஸ்டாக்கில் போடுவது அந்த முறையின் பழக்கம். எனவே எண்ணுக்குப் பின் எண் வந்தாலும் தெரியாது. ஒரு கொடி போதும்: இப்போது எதிர்பார்ப்பது எண்ணா, ஆபரேட்டரா? எண் அல்லது `)` வந்ததும் ஆபரேட்டரை எதிர்பார். ஆபரேட்டர் அல்லது `(` வந்ததும் எண்ணை எதிர்பார். தொடக்கத்தில் எண்ணை எதிர்பார். முடிவில் எண்ணை எதிர்பார்த்துக்கொண்டு நின்றால் பிழை. `8-` அதில் பிடிபடும்.

### அட்டவணையை இரண்டு வரிசை எண்களாகச் சுருக்கியிருந்தால்

இடத்தை மிச்சம் பிடிக்க அட்டவணையை `f`, `g` என்ற இரண்டு பட்டியல்களாக மாற்றும் வழக்கம் உண்டு. ஸ்டாக்கில் இருப்பதன் `f`-ஐயும் வருவதன் `g`-ஐயும் ஒப்பிட்டால் உறவுக்குறி கிடைத்துவிடும்.

```
      -   *   ^   i   (   )   $
 f    2   4   4   6   0   6   0
 g    1   3   5   5   5   0   0
```

நிரம்பிய கட்டங்கள் எல்லாம் சரியாக வரும். காலிக் கட்டங்கள்தான் காணாமல் போகின்றன. `8 3` என்று வந்தால் 6க்கும் 5க்கும் இடையே `>` கிடைக்கிறது, பிழை இல்லை. `8)`-இல் `$`க்கும் `)`க்கும் பூச்சியமும் பூச்சியமும், ஆக `=` கிடைத்து ஷிஃப்ட் ஆகிவிடுகிறது. வடிவச் சோதனை இருந்தால் பிழை பின்னால் பிடிபடும், ஆனால் செய்தி தப்பான இடத்தைக் காட்டும். ஏழெட்டு குறிகள் உள்ள அட்டவணைக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. முழு அட்டவணைக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 6: `-3` அல்லது `2*-3` பிழை தருகிறது

அட்டவணையில் ஏதாவது ஒரு கட்டத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று தேடுவீர்கள். ஆகாது. `*` நிரையில் `-` கட்டம் `>` ஆக இருந்தால்தான் `2*3-1` சரியாக வரும். `2*-3` சரியாக வர அதே கட்டம் `<` ஆக வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு குறி போட முடியாது.

தீர்வு லெக்சரில் இருக்கிறது. `-`க்கு முன்னால் வந்தது எண்ணோ `)`ஓ என்றால் அது கழித்தல். ஆபரேட்டர், `(`, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் அது எதிர்மறைக் குறி. அதை `~` என்ற வேறு டோக்கனாக அனுப்புங்கள். அட்டவணையில் `~`க்கு ஒரு நிரை, ஒரு நிரல் சேருங்கள். நிரலில் `-`, `*`, `^`, `~`, `(`, `$` எல்லாவற்றுக்கும் `<`. `i`, `)` இரண்டுக்கும் காலி. நிரையில் `-`, `*`, `)`, `$`க்கு `>`. `i`, `(`, `~`க்கு `<`. அனுமதிக்கப்பட்ட வடிவங்களில் `~ E` சேர்க்க மறக்காதீர்கள்.

மிச்சம் ஒரே ஒரு கட்டம்: `~` நிரையில் `^`. இது சரி, தப்பு என்ற விஷயமே இல்லை. முடிவெடுக்க வேண்டிய விஷயம். `<` போட்டால் `-2^2` என்பது -4. `>` போட்டால் 4. பைத்தானில் `-2**2` என்று தட்டினால் -4 வரும். எக்செல்லில் `=-2^2` என்று தட்டினால் 4 வரும். உங்கள் பயனர் எதை எதிர்பார்ப்பார் என்று கேட்டுக்கொண்டு நிரப்புங்கள். நான் `<` போடுவேன், கணிதப் புத்தகம் அப்படித்தான் படிக்கும்.

## அறிகுறி 7: அட்டவணை தயாரிக்கும்போதே ஒரு கட்டத்தில் இரண்டு குறி

கையால் நிரப்பாமல், இலக்கணத்திலிருந்து அட்டவணையைக் கணக்கிடுபவர்களுக்கு வரும் சிக்கல் இது.

முதலில் இலக்கணத்தைப் பாருங்கள். `E → E-E | E*E` என்று எழுதிவிட்டுக் கணக்கிட்டால் எல்லா ஆபரேட்டர் கட்டத்திலும் `<`, `>` இரண்டும் வந்து உட்காரும். தட்டுத் தட்டாகப் பிரித்து எழுத வேண்டும்:

```
E -> E - T | T
T -> T * P | P
P -> F ^ P | F
F -> ( E ) | i
```

இடப்பக்கம் திரும்பி வரும் விதி இடச்சேர்ப்பு, வலப்பக்கம் திரும்பி வருவது வலச்சேர்ப்பு. `P` விதியில் மட்டும் `P` வலப்பக்கம் இருப்பதைக் கவனியுங்கள்.

பிறகும் மோதல் இருந்தால், ஒரே குறி இரண்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஆறாவது அறிகுறியில் செய்தது போல டோக்கனைப் பிரித்தால் தீரும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் இந்த முறையை விட்டுவிட வேண்டிய இடம் வந்துவிட்டது. 1963-இல் ராபர்ட் ஃப்ளாய்ட் இந்த முறையை வெளியிட்டபோதே அது எல்லா இலக்கணத்துக்குமானது அல்ல. விதியின் வலப்பக்கம் `E`, `T` போன்ற விதிப் பெயர்கள் இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது, வெற்று விதியும் கூடாது. பெருக்கல் குறி இல்லாமல் `2(3)`, `2x` என்று எழுத விட வேண்டும் என்று கேட்டால் முதல் நிபந்தனையே உடைகிறது. `if`, `while` போன்ற வாக்கியங்களையும் இதே அட்டவணையில் அடைக்க முயன்றால் கட்டங்கள் பெருகி, மோதல்களும் பெருகும். அப்போது இரண்டு வழி உண்டு. வாக்கியங்களுக்குச் சாதாரண மேலிருந்து கீழ் பார்சர் எழுதி, கோவைகளுக்கு மட்டும் முன்னுரிமை முறையை வைத்துக்கொள்வது ஒன்று. ஜிசிசி-யும் கிளாங்கும் சி மொழியின் இருபக்க ஆபரேட்டர்களை இப்படித்தான் கையாள்கின்றன. இன்னொன்று, இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கித் தரும் பைசன் கருவியிடம் ஒப்படைத்துவிடுவது:

```
%left '-' '+'
%left '*' '/'
%precedence NEG
%right '^'
```

கீழே வரும் வரிக்கு முன்னுரிமை அதிகம். `NEG` என்பது நம்முடைய `~`. எதிர்மறை விதியின் முடிவில் `%prec NEG` என்று எழுத வேண்டும். அது `^`க்கு மேல்வரியில் இருப்பதால் `-2^2`க்கு -4 வரும். பைசன், முன்னுரிமை அறிவிப்பு இருக்கும் இடங்களில் மோதலைச் சத்தமில்லாமல் தீர்த்துவிடும், எச்சரிக்கை வராது. அதனால் மாறிய பிறகும் `8-3-2*2`, `2^3^2`, `8-3+2`, `2*-3` நான்கையும் ஒருமுறை ஓட்டுங்கள். முறையே 1, 512, 7, -6 வராவிட்டால், இரண்டு `%left` வரிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.